சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு

நாகல்கேணியில் டேனரி வைத்திருப்பவருக்கும் தாம்பரம் பக்கம் பை தைக்கும் யூனிட் நடத்துபவருக்கும் மனஸ்தாபம் வந்தால், அநேகமாக அது இரண்டே காரணத்துக்காகத்தான் இருக்கும். ஒன்று, பணம் வரவில்லை. இன்னொன்று, காட்டிய தோல் வரவில்லை. பணத்துக்கான சண்டையில் பில் இருக்கிறது, தேதி இருக்கிறது, வட்டிக் கணக்கு இருக்கிறது. தோலுக்கான சண்டையில் பெரும்பாலும் ஃபோன் பேச்சு மட்டுமே இருக்கிறது.

“பாய், சரக்கு சாம்பிள் மாதிரி இல்லையே?”

“தோல்தானே சார், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வெட்டிப் பாருங்க, வந்துடும்.”

வாங்கியவரும் வெட்டிப் பார்க்கிறார். ஏற்றுமதி ஆர்டருக்கு நாள் நெருங்கிவிட்டது. வேறு தோலுக்கு எங்கே போவது? அந்த வெட்டோடு அவர் கையிலிருந்த பலமான ஆயுதம் போய்விடுகிறது. அது போனது அவருக்குத் தெரிவதுகூட இல்லை. சரக்கைத் திருப்பி மாற்றுச் சரக்கு கேட்டு எழுதும் கடிதம் கட்டிங் மேசையில் டை இறங்குவதற்கு முன்பே போயிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். அது ஏன், அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஜி.எஸ்.டி. சாலையின் இந்தப் பகுதிக்கும் தோலுக்கும் உறவு பழையது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே இங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலைதான். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் ஏற்றுமதிக்கென்றே ஒரு வளாகம் வந்தது; மெப்ஸ் என்றால் இன்று ஆட்டோக்காரருக்கும் தெரியும். தோலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் 1948 முதல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பதனிடும் இடம், தைக்கும் இடம், சோதிக்கும் இடம் எல்லாம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்கள் குறைவு. அதனாலேயே வியாபாரம் முகதாட்சண்யத்தில் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் போய் லெட்டர் எழுதுவதா என்ற தயக்கமும் வருகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கைப்பைக்கு பிரவுன் பசுத்தோல், 6,000 சதுர அடி, சதுர அடி 90 ரூபாய், மொத்தம் 5,40,000 ரூபாய். ஆர்டரில் கனம் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் என்றும், ‘ஒப்புதல் அளித்த சாம்பிள்படி’ என்றும் எழுதியாயிற்று. ஜூன் 3ஆம் தேதி டெம்போவில் 20 கட்டு வந்து இறங்குகிறது. கட்டுக்கு 20 சைடு. ஒரு சைடு என்பது முதுகெலும்பு வாக்கில் பிளந்த பாதித் தோல். மொத்தம் 400 சைடு. முதல் கட்டைப் பிரித்ததும் கட்டிங் மாஸ்டர் ஒரு சைடை எடுத்து இரண்டு விரலால் மடித்துப் பார்க்கிறார். சாம்பிளில் மெல்லிய ரோமக்கோடுகளாக விழுந்த மடிப்பு, இதில் காகிதத்தைக் கசக்கியதுபோல் தடித்த சுருக்கமாக எழும்புகிறது. மேல்தோல் உள்தோலோடு ஒட்டாமல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

டேனரிக்காரர் ஏமாற்றினாரா? அவசரப்பட வேண்டாம். சாம்பிளும் சரக்கும் மாறிப்போவதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு, நேர்மையற்ற காரணங்களும் உண்டு.

சாம்பிள் தோல் தயாராவது சிறிய டிரம்மில். நாலைந்து நல்ல தோலைப் பொறுக்கிப் போட்டு, சாயத்தை அளந்து ஊற்றி, மேல்பூச்சைக் கையால் ஸ்பிரே செய்து எடுக்கிறார்கள். சரக்கு பெரிய டிரம்மில் நூற்றுக்கணக்கில் சுற்றுகிறது. அதில் வெவ்வேறு சந்தையிலிருந்து வந்த, வெவ்வேறு வயது மாட்டின் தோல் கலந்திருக்கும். மேல்பூச்சு இயந்திரத்தில் விழும். அது சரியாகக் காய்வதற்குள் அடுக்கிவிட்டால் நிறம் துணியில் ஒட்டும். இவையெல்லாம் பெரிய அளவில் வேலை செய்யும்போது வரும் பிசகுகள்.

கனம் குறைவது வேறு சமாச்சாரம். ஈரத் தோலைத் துளையிட்ட சட்டத்தில் கிளிப் போட்டு இழுத்துக் காய வைக்கிறார்கள். தோல் விற்பது சதுர அடியில். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் பரப்பு கூடும், கனம் குறையும். அதே மாட்டுத் தோலில் கூடுதல் சதுர அடிக்குப் பில் போடலாம். எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சரக்கு மெல்லியதாக வந்தால் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய காரணம் இது.

மூன்றாவது காரணம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. பலர் ‘ஓகே’ சொல்லும் சாம்பிள், உள்ளங்கை அளவு அல்லது ஏ4 தாள் அளவுத் துண்டு. அதை எங்கிருந்து வெட்டுவார்கள்? வால் பக்க முதுகிலிருந்துதான். தோலிலேயே இறுக்கமும் கனமும் ஒரே சீராக இருக்கும் இடம் அது. வயிற்றுப் பக்கம் எந்த மாட்டுக்கும் தளர்வாகத்தான் இருக்கும். முதுகுத் துண்டைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டு, வந்த சைடின் வயிற்றைக் காட்டிக் குறை சொன்னால், “அது இயற்கை சார்” என்ற பதிலில் நியாயம் இருக்கிறது. ஆகவே சாம்பிள் முழு சைடாக இருக்க வேண்டும். அதை ஒப்புக்கொண்டபின் இரண்டாக வெட்டி, உள்பக்கத்தில் இரு தரப்பும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாதியிலும் முதுகும் வயிறும் வருகிறமாதிரி குறுக்கே வெட்டுவது நல்லது. இந்தத் துண்டு இல்லாத கடிதம் வெறும் புலம்பல்.

இனி, டெம்போ வந்து நிற்கும் இடத்துக்கு வருவோம். டிரைவர் டெலிவரி சலானை நீட்டுகிறார். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அச்சடித்திருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். ஆனால் பக்கத்தில் ‘20 கட்டு, பிரிக்கவில்லை, தரம் பார்க்கவில்லை’ என்று பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள். 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பார்த்துச் சரிபார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது. அந்த உரிமையை நாமே ஒரு கையெழுத்தில் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

சரிபார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு சைடு எடுங்கள். ஒன்று மேலிருந்து, ஒன்று நடுவிலிருந்து. நம் கணக்கில் 40 சைடு. கனத்தை டயல் கேஜ் வைத்து, எல்லாச் சைடிலும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 2418 என்ற சர்வதேச முறை இருப்பதே தோலின் எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று சொல்லத்தான்; அதுவும் வால் பக்க முதுகையே காட்டுகிறது. நிறத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் ஒப்பிடாதீர்கள். வாசலுக்கு எடுத்துப்போய், வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில் சாம்பிளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பிறகு, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, ஒரே அழுத்தத்தில் ஒரே எண்ணிக்கையில் தேய்த்துப் பாருங்கள். எதைச் செய்தாலும் அதையே சாம்பிளிலும் செய்து காட்ட வேண்டும். சரக்கில் நிறம் போகிறது என்பது குறை. சாம்பிளில் போகவில்லை, சரக்கில் போகிறது என்பதுதான் ஆதாரம்.

கட்டைப் பிரித்த அன்றே ஃபோட்டோ எடுத்துவிடுவதும் முக்கியம். நம் ஊர் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் சுற்றிய தோல் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் எந்தக் குறையைச் சொன்னாலும் “நீங்க வச்சிருந்த லட்சணம்” என்று பதில் வரும்.

நம் எடுத்துக்காட்டில் ஜூன் 5ஆம் தேதி சரிபார்த்து முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் போக வேண்டிய கடிதம் இது:

“பொருள்: உங்கள் ஜூன் 3 தேதியிட்ட இன்வாய்ஸ் – பிரவுன் பசுத்தோல் 6,000 சதுர அடி – சாம்பிளுக்கு ஒத்துவராததால் சரக்கை ஏற்க மறுத்தல், மாற்றுச் சரக்கு கோருதல்.

ஐயா, வணக்கம்.

எங்கள் மே 12 தேதியிட்ட ஆர்டர்படி 1.2 முதல் 1.4 மி.மீ. கனத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்ட சாம்பிளுக்கு ஒத்த தோலை நீங்கள் அனுப்ப வேண்டும். ஜூன் 3ஆம் தேதி 20 கட்டு வந்து சேர்ந்தது. ஜூன் 5ஆம் தேதி கட்டுக்கு இரண்டு வீதம் 40 சைடுகளைச் சரிபார்த்தோம்.

26 சைடுகளில் வால் பக்க முதுகிலேயே கனம் 1.2 மி.மீ.க்குக் குறைவு, மிகக் குறைந்த அளவு 0.95. ஈரத் துணியால் தேய்த்தபோது 31 சைடுகளில் நிறம் துணியில் ஒட்டியது. அதே சோதனையில் சாம்பிளில் ஒட்டவில்லை. அளவுப் பட்டியலும் படங்களும் இத்துடன் இணைத்துள்ளோம்.

எனவே இந்தச் சரக்கு முழுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. எதையும் வெட்டவோ பயன்படுத்தவோ இல்லை; உங்கள் பொறுப்பில், எங்கள் கிடங்கில் தனியே வைத்திருக்கிறோம்.

ஜூன் 10ஆம் தேதிக்குள் நீங்கள் நேரில் வந்து பார்க்கலாம். ஜூன் 20ஆம் தேதிக்குள் அதே சாம்பிளுக்கு ஒத்த 6,000 சதுர அடி தோலை உங்கள் செலவில் மாற்றித் தந்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். தவறினால் ஆர்டரை ரத்து செய்து, வேறிடத்தில் வாங்குவதால் ஆகும் கூடுதல் செலவைக் கோரும் எங்கள் உரிமையை இதன்மூலம் தக்கவைத்துக்கொள்கிறோம். அதுவரை இந்த இன்வாய்ஸுக்கான தொகையை நிறுத்தி வைக்கிறோம்.”

இதில் கோபம் இல்லை, ‘நம்பிக்கைத் துரோகம்’ இல்லை, பத்து வருடப் பழக்கம் பற்றிய பேச்சும் இல்லை. ‘மிகவும் மோசமான தரம்’ என்றுகூட இல்லை. மோசம் என்பது நம் அபிப்பிராயம். 0.95 என்பது அளவு. அவர் கேஜை வைத்தாலும் அதேதான் காட்டும்.

‘ஏற்கவில்லை’ என்ற ஒரு வார்த்தைதான் கடிதத்தின் உயிர். பலர் எழுதும் கடிதத்தில் அது மட்டும் இருக்காது. ‘தரம் திருப்தியாக இல்லை, மாற்றித் தரவும்’ என்று முடித்துவிடுவார்கள். வாங்கியவருக்கு மாற்றுச் சரக்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருள் விற்பனைச் சட்டம் சொல்லவில்லை. சரக்கு சாம்பிளுக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை 17ஆம் பிரிவு ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையாக வைக்கிறது. அது மீறப்பட்டால் சரக்கை நிராகரிக்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம், நஷ்டஈடு கேட்கலாம். மாற்றுச் சரக்கு என்பது, ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தால் ஒழிய, வேண்டுகோள்தான். நிராகரிக்கும் உரிமை பின்னால் நின்றால்தான் அந்த வேண்டுகோளுக்கு மதிப்பு. டேனரிக்காரரின் நிலையில் இருந்து பாருங்கள்: 400 சைடு திரும்பி வந்து தலையில் விழும் என்று தெரிந்தால்தான் அவர் மாற்றித் தருவது பற்றி யோசிப்பார்.

அடுத்தது, வெட்டவில்லை என்ற வரி. 42ஆம் பிரிவின்படி மூன்று விதத்தில் சரக்கை ஏற்றதாக ஆகும். ஏற்றேன் என்று சொல்வது ஒன்று. நியாயமான காலத்துக்கு மேல் வாய் திறக்காமல் வைத்திருப்பது இன்னொன்று. விற்றவரே இன்னும் உரிமையாளர் என்பதற்கு ஒவ்வாத காரியத்தைச் செய்வது மூன்றாவது. தோலைப் பைக்காக வெட்டுவது அந்த மூன்றாவது வகை. சோதனைக்கு ஓரத்தில் ஒரு துண்டு எடுப்பது வேறு, நூறு சைடை டையில் போடுவது வேறு.

‘நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு மீதியைத் திருப்பலாமே’ என்று தோன்றும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 13ஆம் பிரிவின்படி, பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுவிட்டாலும், வேறு ஏற்பாடு இல்லாத பட்சத்தில், நிராகரிக்கும் உரிமை போய்விடும். மிஞ்சுவது 59ஆம் பிரிவு தரும் வழி: விலையில் குறைத்துக் கேட்கலாம், அல்லது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். பொறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சப்ளையரிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பொறுக்குங்கள்.

திருப்பி அனுப்பும் வண்டிச் செலவு யாருடையது? மறுத்த சரக்கை வாங்கியவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, மறுத்ததைத் தெரிவித்தால் போதும் என்கிறது 43ஆம் பிரிவு. கடிதத்தில் ‘உங்கள் பொறுப்பில்’ என்று எழுதியது அதனால்தான். அதற்காக மழையில் போட்டுவிடக் கூடாது.

தேதிக்கு வருவோம். ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்று 1930 சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் ஓர் எண்ணைத் தருகிறது. சப்ளையர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளைக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே அதை ஏற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த நாளிலிருந்து பணம் கொடுக்க வேண்டிய காலமும் ஓடத் தொடங்கும். ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆட்சேபம் உரிய காலத்தில் போயிருந்தால், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்த்த நாள்தான் ஏற்ற நாளாகக் கணக்கிடப்படும். நம் எடுத்துக்காட்டில் கெடு ஜூன் 18. ஃபோனில் பத்து தடவை பேசியிருந்தாலும் அது எழுத்து ஆகாது. சொன்ன நாளைக் காட்டக்கூடிய விதத்தில் இமெயிலில் அனுப்பி, அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டு ரசீதை ஃபைலில் வையுங்கள். நாளை டேனரிக்காரர் ‘பணம் தரவில்லை’ என்று சிறு தொழில் வசதியாக்க மன்றத்துக்குப் போனால், இந்த ஒரு ரசீதுதான் பேசும்.

கடிதம் போனதும் பதில்கள் வரும். அவை பெரும்பாலும் வழக்கமான பதில்களே.

“எங்க பாதி சாம்பிளை அளந்து பாத்தோம், அதுவே 1.15தான் சார்.” இருக்கலாம். ஆனால் ஆர்டரில் சாம்பிள் மட்டும் இல்லையே, 1.2 முதல் 1.4 என்ற விவரமும் இருக்கிறது. விவரமும் சாம்பிளும் சேர்ந்த விற்பனையில் சரக்கு இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. ஆர்டரில் கனத்தை எண்ணாக எழுதி வைப்பது இந்தப் பதிலுக்காகத்தான்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாதுன்னு பில்லுலேயே போட்டிருக்கே?” ஜவுளிக்கடை பில்லிலிருந்து டேனரி இன்வாய்ஸ் வரை இந்த வரி இல்லாத இடமே இல்லை. சட்டம் தரும் உரிமைகளை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு விலக்கிக்கொள்ளலாம் என்று 62ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் ஆர்டர் முடிவான பிறகு, சரக்கோடு வந்த பில்லில் ஒரு தரப்பு அச்சடித்த வரி, மறுதரப்பு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. நீங்கள் கையெழுத்திட்ட ஆர்டரிலேயே அது இருந்தால் கதை வேறு. அதனால் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

“ஆளை அனுப்பறேன், மேலே இன்னொரு கோட் அடிச்சுக் கொடுத்துடறேன்.” இது நல்லெண்ணத்தோடு வரும் பதிலாகவும் இருக்கலாம். நிறம் ஒட்டும் குறைக்கு அது சில சமயம் பலிக்கும்; கனம் குறைந்ததற்கு எந்தப் பூச்சும் உதவாது. சட்டப்படி இதற்கு இணங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு ரப்பர் வழக்கு. தீர்ப்பு 1949ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சாம்பிள் ரப்பர் மெத்தென்று தட்டையாக இருந்தது. வந்த சரக்கு சுருங்கி மடிப்பு விழுந்திருந்தது. லேசாகச் சூடுகாட்டினால் சரியாகிவிடும் என்றார் விற்றவர். சூடுகாட்டினால் சரியாகும் என்பதே, வந்தபோது சாம்பிளைப்போல் இல்லை என்பதைக் காட்டுகிறது என்ற வகையில் வாங்கியவர் பக்கமே முடிந்தது வழக்கு. நம் 17ஆம் பிரிவு ஆங்கிலச் சட்டத்தின் வார்ப்பு என்பதால் அந்தத் தீர்ப்புகள் இங்கேயும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

“சாம்பிளும் அப்படித்தானே இருந்துச்சு” என்ற பதில்தான் சிக்கலானது. குறை சாம்பிளிலேயே இருந்து, அது கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால்? 1887இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முன் வந்த டிரம்மண்ட் வழக்கு இதுதான். கோட்டுத் துணியின் நெசவிலேயே ஒரு குறை. தைத்தால் இழை நழுவும். சாம்பிளிலும் அதே குறை இருந்தது, ஆனால் வழக்கமான முறையில் பார்த்தால் தெரியாது. வாங்கியவர்களுக்கே தீர்ப்புச் சாதகமானது. தோலில் இதற்கு நேர் உதாரணம் குரோமியம்-6. பதனிடச் சேர்க்கும் குரோமியம் சில சூழ்நிலையில் தோலுக்குள்ளேயே நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். ஐரோப்பாவில் உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. கண்ணாலும் விரலாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் வழி. ஐரோப்பாவுக்குத் தைப்பவர் இந்த வரம்பை ஆர்டரிலேயே எழுதி, வெட்டுவதற்கு முன் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிவிடுவது மலிவு.

நஷ்டஈட்டில் ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். ‘உங்களால் என் ஏற்றுமதி ஆர்டரே போயிற்று, அந்த லாபத்தையும் கொடு’ என்று கடிதத்தில் எழுதினால் மட்டும் கிடைத்துவிடாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி, இயல்பாக ஏற்படும் நஷ்டமாக இருக்க வேண்டும். அல்லது மீறினால் இந்த நஷ்டம் வரும் என்று ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘இந்தத் தோலில் தைக்கும் பை ஜூலை 15 கப்பலுக்குப் போக வேண்டும்’ என்ற வரிக்கு இடம் மே 12ஆம் தேதி ஆர்டரில்தான். ஜூன் 6ஆம் தேதி கடிதத்தில் எழுதினால் காலம் கடந்துவிட்டது.

நடைமுறையில் இந்தச் சண்டைகள் நீதிமன்றம் வரை போவது அபூர்வம். டேனரிக்காரர் ஜூன் 9ஆம் தேதி வருவார், தன் கேஜை வைத்தே அளந்து பார்ப்பார், டீ குடிப்பார், பேரம் தொடங்கும். 300 சைடை மாற்றித் தருகிறேன், நூறை விலை குறைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பார். உங்களுக்குச் சரிப்பட்டால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். எத்தனை சைடு, என்ன விலை, எந்தத் தேதி, திரும்பிய சரக்குக்கு அவர் தர வேண்டிய கிரெடிட் நோட் எவ்வளவு என்று அரைப்பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு வெட்டத் தொடங்குங்கள். மாற்றுச் சரக்கு வரும்போது அதோடு ஒரு புதுத் துண்டையும் நீட்டி, “இதையே இனி சாம்பிளா வச்சுக்கலாம் சார், ஒரு சைன் போட்டுடுங்க” என்று கேட்பதுண்டு. போடாதீர்கள். மே மாதம் கையெழுத்திட்ட பழைய பாதியை வெளியே எடுங்கள். புதிதாக வந்த கட்டுகளைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து அளங்கள். இந்தச் சரக்குக்கும் ஆட்சேபம் சொல்ல வேண்டிய 15 நாள் அன்றிலிருந்தே ஓடுகிறது.